ஓவர்டிராஃப்ட் வட்டிக் கணக்கு குறித்து விளக்கம் வேண்டி

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஜவுளிக் கடையின் ஓவர்டிராஃப்ட் கணக்கில் ஜூன் மாத வட்டியாக 1,775 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். என் கணக்கில் 1,644 ரூபாய்தான் வருகிறது.

1ஆம் தேதி முதல் பாக்கி 3 லட்சம். 11ஆம் தேதி காலை 2 லட்சத்துக்குக் காசோலை போட்டேன். ஆக, 10 நாள் 3 லட்சம், 20 நாள் 1 லட்சம். கூட்டினால் 50 லட்சம். அதை 12 சதவீதத்தால் பெருக்கி 365ஆல் வகுத்தேன். முறை சரிதானே?

காசோலைப் பணம் 13ஆம் தேதிதான் வரவானதாகப் பாஸ்புக்கில் இருக்கிறது. வித்தியாசம் அந்த 2 நாளால்தானா? அன்றன்றைய பாக்கியை எந்த நேரத்தில் எடுக்கிறீர்கள்? சரக்குக்குப் பணம் கட்டும் நாளை இதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். நாள்வாரிக் கணக்குத்தாள் ஒன்று கொடுத்தால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஜவுளிக் கடை உரிமையாளர்