சொன்னபடியான்

திருகோணமலைக் கரையில் ஒரு சம்மாட்டியார் இருந்தார். கரைவலை இரண்டு, வாடி ஒன்று, மனம் மட்டும் கடுகளவு. ஆளை வேலைக்கு எடுப்பார். வருட முடிவில் “நான் சொன்னபடி நீ செய்யவில்லை” என்று கூலியைப் பிடித்துக்கொள்வார். அப்படிப் பட்டவரிடம்தான் இவன் வந்து சேர்ந்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. ஊர் வைத்தது சொன்னபடியான்.

“சொன்னதைச் சொன்னபடி செய்யும் நாள்வரைக்கும் மூன்று வேளைச் சோறு. தவறினால் வெளியே. கோணேசர் சாட்சி” என்றார் சம்மாட்டியார். அவனும் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டான்.

முதல் நாள், “கருவாட்டின் மேல் ஒரு கண் வைத்திரு” என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது பாயில் செதில்தான் மிச்சம். அவன் ஒரு கண்ணைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தான்.

“காகம் நாற்பத்தேழு கருவாடு தூக்கியது ஐயா. ஒன்றைக்கூட நான் பார்க்கத் தவறவில்லை.”

“விரட்டுவதற்கென்ன?”

“கண் வைக்கச் சொன்னீர்கள். கை வைக்கச் சொல்லவில்லையே.”

அடுத்து, சம்மாட்டியாரின் மனைவிக்கு உடம்பு உளைவு. “கன்னியாவுக்குப் போய் ஏழு கிணற்றுத் தண்ணீரும் கொண்டு வா. சூடு ஆறக்கூடாது!” ஐந்து கட்டைத் தூரம்தான். இராவணன் தாய்க்குக் கடன் கழிக்க வாளால் குத்திய கிணறுகள் என்பார்கள். அந்த இராவணனே சுமந்திருந்தாலும் தண்ணீர் வழியில் ஆறித்தான் இருக்கும். சொன்னபடியானோ வழி நெடுக அடுப்பு மூட்டினான். மூன்றாம் நாள் இரவு பழந்துணியால் குடத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

“தொட்டுப் பாருங்கள் ஐயா, சூடு ஆறவேயில்லை.”

குடத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

பிறகு தம்பலகாமத்தில் ஒரு கல்யாணம். “எனக்கு வேலை இருக்கிறது. நீ போய் என் தலையைக் காட்டிவிட்டு வா” என்றார். சம்மாட்டியாருக்கு வழுக்கை. இவன் நேரே நாவிதனிடம் போய் மொட்டை அடித்து, எண்ணெய் தடவி, மணவறைக்கு முன்னால் குனிந்து நின்று, இடமும் வலமுமாகத் திருப்பிக் காட்டிவிட்டு வந்துவிட்டான். தாலி கட்டப்போன மாப்பிள்ளை கை நடுங்கச் சிரித்தாராம்.

செய்தி வந்த இரவு சம்மாட்டியார் வெடித்தார். “போடா! இனி என் முகத்தில் முழிக்காதே!”

மறுநாள் காலைச் சோற்று நேரம். சுவரைத் தடவித் தடவி வந்து திண்ணையில் அமர்ந்தான் சொன்னபடியான். கண் இரண்டும் இறுக மூடியிருந்தன.

“ஏனடா வந்தாய்?”

“முழிக்காமல்தானே ஐயா வந்திருக்கிறேன்?”

கோணேசர் சாட்சி. சம்மாட்டியார் வாயடைத்துப்போய் இலை போடச் சொன்னார். அன்றிலிருந்து மூன்று வேளையும் அவன் கண்ணைத் திறக்காமலேதான் சாப்பிட்டான். கை மட்டும், எப்படித்தான் தெரியுமோ, தவறாமல் சம்மாட்டியாரின் இலையிலிருந்த பொரித்த பாரைத் துண்டில் போய் விழுந்தது.