தம்பி, அந்த ஒன்றரை இலட்சம் பற்றி

தம்பி, சுகமா? பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று சித்தி சொன்னா, இப்போது எப்படி? சித்தியிடம் இந்தக் காசுக் கதை எதுவும் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன், இது உனக்கும் எனக்கும் உள்ளது.

போன வருஷம் விதைப்பு நேரம் நீ கேட்ட ஒன்றரை இலட்சம் இப்போது எனக்குத் தேவைப்படுகிறது. அது கையில் சும்மா இருந்த காசு இல்லை என்று உனக்குத் தெரியும், என் சங்கிலியை வங்கியில் அடகு வைத்துத்தான் தந்தேன். ஒக்டோபர் 15ஆம் திகதியோடு தவணை முடிகிறது. மீட்காவிட்டால் வட்டியையாவது கட்டித் திருப்பி வைக்க வேண்டும், அதையும் விட்டால் கடிதம் வரும், பிறகு ஏலம். அது அம்மா எனக்குப் போட்ட சங்கிலி, தம்பி. அதைவிட மகளுக்கு யாழ்ப்பாணம் கம்பஸ் கிடைத்திருக்கிறது, போடிங் காசு முன்கூட்டியே கேட்கிறார்கள்.

மாசி அறுவடையோடு தருவதாகச் சொன்னாய். கார்த்திகை வெள்ளத்தில் வெல்லாவெளி வட்டை முழுக்கத் தண்ணீர் நின்றதை நானும் வந்து பார்த்தேன்தானே, அதனால்தான் மாசியிலும் பங்குனியிலும் நான் வாய் திறக்கவில்லை. இப்போது சிறுபோகமும் வெட்டி முடிந்துவிட்டது. நெல் என்ன விலைக்குப் போனது, வெட்டு மெஷினுக்கும் பசளைக் கடைக்கும் கொடுத்தது போக உன் கையில் என்ன மிஞ்சியது என்று எனக்குத் தெரியாது, அதை நீதான் சொல்ல வேண்டும்.

முழுவதையும் ஒரே தரத்தில் தா என்று நான் நிற்கவில்லை. ஒக்டோபர் 10ஆம் திகதிக்குள் ஒரு இலட்சம் தந்தால் என் கையில் உள்ளதையும் சேர்த்து நகையை மீட்டுவிடுவேன், மிச்சம் ஐம்பதை வருகிற பெரும்போகம் வெட்டினதும் தா. இதுவரை கட்டின வட்டி எனக்கு வேண்டாம், அது நான் உனக்குச் செய்ததாக இருக்கட்டும். ஒரு இலட்சமும் முடியாதென்றால் எவ்வளவு முடியும் என்று இப்போதே சொல்லிவிடு, குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, நான் வேறு வழி பார்க்க எனக்கு நாள் வேண்டும். பார்ப்போம் அக்கா என்று மட்டும் சொல்லாதே, அதை வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று. இந்தமுறை கண்ணகி அம்மன் சடங்குக்கு வந்தும் நீ வீட்டுப் பக்கம் வரவில்லை. காசை நினைத்துத்தான் வராமல் இருந்தாய் என்றால் அதுதான் எனக்குக் காசைவிடப் பெரிய கவலை. அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மட்டக்களப்பில் இரவிரவாக நின்றது நீதான், அதை நான் மறக்கமாட்டேன், இந்தக் கடன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீ என் தம்பி. காசு கையில் இல்லையென்றாலும் வா, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வொய்ஸ் போடு, இல்லாவிட்டால் இரவு எட்டு மணிக்குப் பிறகு கோல் எடு, அந்நேரம் நான் தனியாகத்தான் இருப்பேன். காசு போடுவதென்றால் என் பழைய கணக்குக்கே போடு, போட்டதும் சிலிப்பைப் படம் எடுத்து அனுப்பு.

அக்கா