உயில் நிறைவேற்றுநர் பொறுப்பை ஏற்க மறுத்தல்

பெங்களூரு
10.09.2025

பெறுநர்:
திருமதி மீனாட்சி சுந்தரம், செந்தில், கவிதா – கும்பகோணம்
வழக்கறிஞர் திரு. இராசகோபால் அவர்கள் – கும்பகோணம்

அன்புள்ள அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும், மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கும் வணக்கம்.

17.07.2025 அன்று காலமான என் நண்பர் சுந்தரம், 14.06.2016 அன்று கும்பகோணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த உயிலில் என்னை நிறைவேற்றுநராக நியமித்திருக்கிறார். அந்தப் பொறுப்பை நான் ஏற்கவில்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, பிரிவு 230-இன்படி இந்தக் கடிதத்தின் மூலம் அதைத் துறக்கிறேன். இதன் பிறகு இந்த உயிலுக்கு புரொபேட் கேட்டு நான் எப்போதும் மனு போட முடியாது என்பது தெரிந்தே கையெழுத்திடுகிறேன்.

அண்ணி, உயில் எழுதிய காலத்தில் நான் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தேன். இப்போது மகள் வீட்டில் பெங்களூரில் இருக்கிறேன். வயது 74. கோர்ட்டு, பேங்க், தாலுகா ஆபீஸ் என்று அலைய உடம்பு இடம் கொடுக்காது. அது ஒன்றுதான் காரணம் என்றால் பொய். வீட்டை விற்பதா வைத்துக்கொள்வதா என்பதில் செந்திலுக்கும் கவிதாவுக்கும் ஒத்துவரவில்லை. இரண்டு பேரும் என்னைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். அதில் தப்பில்லை. ஆனால் நான் எதைச் செய்தாலும் ஒருவருக்கு வருத்தம் வரும். எனக்கு இருவருமே வேண்டும்.

சொத்து விஷயம் எதிலும் நான் இதுவரை கை வைக்கவில்லை. கீழ்ப் போர்ஷன்காரர் ஆவணி வாடகையைக் கவரில் போட்டு, மேலே என் பெயரை எழுதி, நான் ஊருக்கு வந்திருந்தபோது கொடுக்க வந்தார். பிரிக்காமல் அண்ணியிடமே அனுப்பிவிட்டேன். பேங்குக்கும் எதுவும் எழுதவில்லை.

உயிலில் எனக்கு 50,000 ரூபாய் எழுதியிருக்கிறார். நிறைவேற்றுநருக்கு எழுதிய தொகை, அவர் பொறுப்பை ஏற்றால்தான் சேரும் என்கிறது பிரிவு 141. எப்படியும் அது எனக்கு வேண்டாம், கேட்கவும் மாட்டேன்.

வழக்கறிஞர் ஐயாவுக்கு: உயிலில் மாற்று நிறைவேற்றுநர் யாரும் இல்லை. மற்றவர்களுக்கு எழுதியது போக மீதிச் சொத்து முழுவதும் அண்ணிக்குத்தான். எனவே உயிலின் நகலை இணைத்து, நிர்வாக உரிமைக் கடிதம் கோரி அவர் பெயரிலேயே மனு போடலாம் என்று நினைக்கிறேன். உங்கள் முடிவே சரி. நான் துறந்ததற்கு பிரமாணப் பத்திரம் தேவைப்பட்டால், வாசகத்தை அனுப்புங்கள். இங்கேயே நோட்டரி முன் கையெழுத்திட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுகிறேன்.

சுந்தரம் என்னிடம் கொடுத்து வைத்திருந்த பீரோ சாவியும், 2016-இல் தந்த உயில் ஜெராக்ஸும் என்னிடம் உள்ளன. தீபாவளிக்கு முன் என் மருமகன் கும்பகோணம் வருகிறார். இரண்டையும் அண்ணியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வார்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
வை. இராமநாதன்

நகல்: நால்வருக்கும் தனித்தனியே, பதிவுத் தபாலில்