ஒரே சேதி, மூணு பேச்சு: மில் இடம் மாறும் அறிவிப்பு

அண்ணே,

நீங்க கேட்ட மூணு பேச்சும் கீழே இருக்கு. வாயில வர்ற மாதிரியே எழுதியிருக்கேன். தாளைப் பார்த்துப் படிச்சீங்கன்னா சுங்கை சிப்புட்ல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க, யாரோ எழுதிக் கொடுத்ததுன்னு தெரிஞ்சிடும்.

சொல்ல வேண்டிய சேதி இவ்வளவுதான். ஜூன் 8 திங்கட்கிழமை அரைக்கிற மெஷின் நிக்குது. ஜூன் 29 கோலகங்சார் ரோட்டுப் புது இடத்துல ஓடத் தொடங்குது. கடை இப்ப இருக்கிற இடத்துலயே இருக்கும். இந்த மாற்றத்தால யாருக்கும் வேலை போகாது. 2025 கணக்குக்கு லாப ஈவு கிடையாது. ஜூலை 1-லிருந்து அரைக் கிலோ கறித்தூள் 9.50-லிருந்து 10.20 வெள்ளி.

இதுல எதை முன்னால சொல்றது, எதை விளக்கிச் சொல்றதுங்கிறது ஆளுக்கு ஆள் மாறும். ஆனா ஒரு இடத்துல சொன்னது இன்னொரு இடத்துல பொய்யாகக் கூடாது. நம்ம ஊர் நிலைமை உங்களுக்கே தெரியும். பங்கு வெச்சிருக்கிற பாட்டியோட மருமக பேக்கிங்ல நிக்குது, அந்த மருமகளோட அம்மா சனிக்கிழமை மிளகாய் தூக்கிட்டு வருது. மூணு பேரும் ராத்திரி ஒரே வீட்டுல சோறு சாப்பிடுறாங்க.

சனிக்கிழமை மே 16 காலையில வேலையாளுங்க. ஞாயிறு 17 பத்து மணிக்குப் பங்குதாரர் கூட்டம். அன்னிக்குச் சாயங்காலமே வாடிக்கையாளர் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரல் பதிவு. இந்த வரிசையை மாத்தாதீங்க. நம்ம ஆளுங்க இதைக் கோயில்ல வெச்சுக் கேள்விப்பட்டா, அப்புறம் என்ன சொன்னாலும் எடுபடாது.


வேலையாளுங்களுக்கு (சனி காலை, மெஷின் போடுறதுக்கு முன்னாடி)

மெஷினை இன்னும் போடாதீங்க. எல்லாரும் கொஞ்சம் இப்படி வாங்க. அக்கா, தராசை அப்படியே வெச்சிட்டு வாங்க.

முதல்ல ஒண்ணைச் சொல்லிடறேன். நம்ம மில் இடம் மாறுது. இதனால உங்க பதினாலு பேர்ல ஒருத்தருக்கும் வேலை போகாது, சம்பளமும் குறையாது.

புது இடம் கோலகங்சார் போற ரோட்டுல, இங்கிருந்து ஆறு கிலோமீட்டர். ஜூன் 8-லிருந்து மூணு வாரம் அரைப்பு கிடையாது. அந்த மூணு வாரமும் முழுச் சம்பளம் உண்டு. வருட விடுப்புல கழிக்க மாட்டோம். மெஷினைக் கழட்டி மாட்டுறதுக்கு ஆறு பேர் வேணும், மத்தவங்க கடையிலயும் பேக்கிங்லயும் இருப்பீங்க. அதுக்கு முன்னால மூணு வாரத்துக்கான தூளை அரைச்சு வெச்சாகணும். அதனால இந்த மாசக் கடைசியில ஓவர்டைம் இருக்கும். சட்டப்படி ஒண்ணரை மடங்கு கணக்கு. வர முடியாதவங்க தயங்காம சொல்லிடுங்க, கட்டாயம் இல்லை.

புது நேரம் இப்படி. திங்கள் முதல் வெள்ளி வரை எட்டுலிருந்து அஞ்சு, நடுவுல ஒரு மணி நேரம் சாப்பாடு. சனிக்கிழமை எட்டுலிருந்து ஒண்ணு. கூட்டிப் பாருங்க, வாரம் 45 மணி நேரம், அதுக்கு மேல போகாது. ஏழரைக்கு வேன் இந்தக் கடை வாசல்லயிருந்து கிளம்பும், அஞ்சு பத்துக்கு அங்கிருந்து திரும்பும். வேனுக்குக் காசு கிடையாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரணும்னு இருக்கிற ரெண்டு பேர் என்கிட்ட தனியா வாங்க, கடைப் பக்கம் மாத்திக் கொடுக்கிறேன்.

ஏன் மாறணும்? மேல பாருங்க. அந்தக் காத்தாடியில எத்தனை வருஷத்து மிளகாய்த் தூசி ஒட்டியிருக்குன்னு என்னாலயே சொல்ல முடியாது. வத்தல் அரைக்கிற அன்னிக்கு அஞ்சடியில நடக்கிறவங்க தும்முறாங்க, உள்ள நிக்கிற நீங்க முகத்துல துண்டைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க. புது இடத்துல தூசியை உறிஞ்சி வெளிய தள்ற குழாய் மெஷினுக்கு மேலேயே இருக்கும். சுகாதார அமைச்சோட மெஸ்தி சான்றிதழ் வாங்கணும்னாலும் வறுக்கிற இடம், அரைக்கிற இடம், கட்டுற இடம் ஒழுங்கா இருக்கணும். இந்தப் பழைய கடைவீட்டுல அதுக்கு இடம் போதாது.

பேக்கிங் மெஷின் வருதா, கையால கட்டுறவங்க கதி என்னன்னு கேட்பீங்க. வாங்கற எண்ணம் இருக்கு, ஆனா இந்த வருஷம் காசு இல்லை. வாங்கறதா முடிவான அன்னிக்கு முதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்.

நாளைக்குப் பங்குதாரர் கூட்டம். இந்த வருஷம் அவங்களுக்கு ஈவு இல்லைன்னு அங்க சொல்லப் போறேன். வீட்டுல யாராச்சும் முணுமுணுத்தா காரணம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்: அந்தக் காசு புதுக் கட்டடத்துக்குப் போகுது. சரி, கேள்வி இருக்கிறவங்க கேளுங்க, மத்தவங்க பசியாறிட்டு வாங்க.


(அண்ணே, பங்குதாரர் கூட்டத்துக்கு முன்னால ஒரு எச்சரிக்கை. 2025 பிப்ரவரியில குறைந்தபட்சச் சம்பளம் 1,500-லிருந்து 1,700 ஆனப்ப நம்மகிட்ட ஒன்பது பேருக்கு ஏறுச்சு. இபிஎப் முதலாளி பங்கு 13 விழுக்காட்டையும் சேர்த்தா வருஷத்துக்கு 24,408 வெள்ளி. நம்ம வழக்கமான ஈவு 24,000. கணக்கு தெரிஞ்ச கிராணி ஐயா ஒருத்தர் எழுந்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கேட்பார். மழுப்பாதீங்க, கீழே பதில் இருக்கு. வேலையாளு எடுத்துக்கிட்டான்னு ஒரு வார்த்தை மண்டபத்துல விழுந்தா, திங்கட்கிழமை மில்லுக்குள்ள உங்க முகத்தை யாரும் பார்க்க மாட்டாங்க.)


பங்குதாரர்களுக்கு (ஞாயிறு, சங்க மண்டபம்)

பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம். 1987-ல இந்த மில் தொடங்கினப்ப, தோட்டத்துல ஓய்வு பெற்று 55 வயசுல எடுத்த இபிஎப் காசை எங்கப்பாவை நம்பிக் கொடுத்தவங்க இங்க இருக்கீங்க. அதனால கசப்பானதை முதல்ல சொல்லிடறேன். 2025-ஆம் ஆண்டுக்கு லாப ஈவு இல்லை.

நட்டம் வந்ததாலன்னு நினைச்சிடாதீங்க. 2024-ல லாபம் 83,000 வெள்ளி, 2025-ல 61,000. குறைஞ்சிருக்கு, ஆனா லாபம்தான். காசு எங்க போகுதுன்னு சொல்றேன்.

மில்லைக் கோலகங்சார் ரோட்டுக்கு மாத்துறோம். மொத்தச் செலவு 420,000 வெள்ளி. அதுல 260,000 வங்கிக் கடன், பத்து வருஷத் தவணை, மாசம் 2,760. மீதி 160,000 நம்ம கையிருப்புலயிருந்து. கையிருப்பு 190,000 இருந்துச்சு, இப்ப மிஞ்சறது 30,000. வழக்கம்போலப் பங்குக்கு 8 காசு கொடுத்தா 24,000 போயிடும், கையில நிக்கறது 6,000. ஒரு மாசச் சம்பளமே முப்பதாயிரத்தைத் தொடுது. இந்தியாவிலயிருந்து வர்ற வத்தலுக்கு முன்பணம் கட்டியாகணும். ஆறாயிரத்தை வெச்சுக்கிட்டு நான் எதைச் சமாளிக்கிறது? 2016 கம்பெனிச் சட்டமும் அதைத்தான் சொல்லுது: ஈவைக் கொடுத்த பிறகு அடுத்த பன்னிரண்டு மாசத்துக்கு வர்ற கடனை எல்லாம் அந்தந்த நேரத்துல கட்ட முடியணும். முடியும்னு என்னால கையெழுத்துப் போட முடியாது.

வரவுப் பக்கமும் பாருங்க. இப்போ தனியா ஸ்டோருக்கு மாசம் 1,400 வாடகை கட்டறோம், அது நின்னு போகும். அப்படின்னா தவணையால மாசச் செலவு கூடுறது 1,360 தான். கறித்தூள் விலையும் அரைக் கிலோவுக்கு 70 காசு ஏறுது. அரைக்கிற கூலி கிலோ 3 வெள்ளியிலேயே நிக்கும், அதுல கை வைக்கல.

மெஸ்தி சான்றிதழ் கிடைச்சா பெரிய கடைங்களுக்குப் போட வாய்ப்பு இருக்கு. ஒரு இடத்துல பேசிக்கிட்டிருக்கோம். ஆனா கையெழுத்து ஆகலை. ஆகாத ஒண்ணை வருமானம்னு இந்தக் கணக்குல நான் சேர்க்கவே இல்லை. அடுத்த வருஷம் ஈவு உண்டான்னு கேட்டீங்கன்னா, கையிருப்பு 60,000-ஐத் தாண்டினா இயக்குநர் கூட்டத்துல வெப்போம். அதுக்கு மேல வாக்கு கொடுக்க மாட்டேன்.

ஐயா, சம்பள உயர்வைப் பத்தியும் ஒரு வார்த்தை. ஆமா, 2025-ல வருஷத்துக்கு 24,000 சொச்சம் சம்பளம் கூடுச்சு. அது சட்டம், அந்தச் செலவு போகத்தான் 61,000 லாபம். இப்ப ஈவு நின்னது கட்டடத்தால. ரெண்டும் வேற வேற கணக்கு, ரெண்டும் இந்த ஏட்டுல இருக்கு, பக்கம் புரட்டிப் பார்க்கலாம். பேக்கிங் மெஷின் வாங்கி ஆளைக் குறைக்கலாமேன்னு போன கூட்டத்துல ஒருத்தர் கேட்டீங்க. இந்த வருஷம் காசு இல்லை. வேலையாளுங்ககிட்டயும் நேத்து இதையேதான் சொன்னேன்.

பங்கை வித்துட்டு விலகணும்னு நினைக்கிறவங்க கூட்டம் முடிஞ்சு என்கிட்ட வாங்க. மருத்துவச் செலவுக்கு அந்த ஈவையே நம்பியிருக்கிறவங்க யாராச்சும் இருந்தா, வெக்கப்படாம சொல்லுங்க.


(கடைசி வரியைச் சொல்லிட்டுச் சட்டுனு உட்கார்ந்துடாதீங்க. ஒரு நிமிஷம் நில்லுங்க. வர்றவங்க அப்பத்தான் வருவாங்க.

வாடிக்கையாளருக்கு ஈவும் வேணாம், கடனும் வேணாம். அவங்க கவலை ஒண்ணே ஒண்ணு: என் வீட்டு மிளகாய் எனக்கே திரும்பி வருமா? கழுவி, நாலு நாள் காய வெச்சு, மல்லி, சீரகம், சோம்பு, மிளகு எல்லாம் தனித்தனியா வறுத்துக் கொண்டு வந்து, மெஷின் பக்கத்துலயே நின்னு வாளியைப் பார்த்துக்கிட்டிருக்கிறவங்க அவங்க. விட்டுட்டுப் போங்கன்னா சும்மா போக மாட்டாங்க. அதனால குரல் பதிவுல அதுக்குத்தான் நேரம் கொடுத்திருக்கேன். மெஷின் ஓடாதப்ப பேசுங்க.)


வாடிக்கையாளருக்கு (வாட்ஸ்அப் குரல் பதிவு)

வணக்கம் அம்மா, அக்கா, அண்ணே, எல்லாருக்கும். மில்லுலயிருந்து பேசறேன்.

நம்ம கடை எங்கயும் போகலை, அதே இடம்தான். அரைக்கிற மெஷின் மட்டும் கோலகங்சார் ரோட்டுக்குப் போகுது. அதனால ஜூன் 8-லிருந்து 28 வரைக்கும் அரைக்க முடியாது. அந்த மூணு வாரமும் பாக்கெட் தூள் கடையில கிடைக்கும், அரைச்சு வெச்சிடுவோம். ஆடித் திருவிழாவுக்கெல்லாம் புது மெஷின் ஓடிக்கிட்டிருக்கும்.

ஜூன் 29-க்கு அப்புறம் சொந்தமா வறுத்துக் கொண்டு வர்றவங்களுக்குப் புதன், சனி ரெண்டு நாள். பதினோரு மணிக்குள்ள கடையில கொடுத்தா மறுநாள் சாயங்காலம் கடையிலேயே வாங்கிக்கலாம். சனிக்கிழமை கொடுக்கிறவங்களுக்கு மட்டும் திங்கட்கிழமை. உங்க டின் மேல உங்க பேரும் எடையும் நீங்க பார்க்கவே எழுதுவோம். ஒருத்தர் தூள் முடிஞ்சதும் ஒரு பிடி அரிசியைப் போட்டு மெஷினைச் சுத்தம் பண்ணிட்டுத்தான் அடுத்த டின்னைத் திறப்போம். அப்படியும் மனசு கேட்காதவங்க சனிக்கிழமை எட்டுலிருந்து பன்னிரண்டுக்குள்ள நேரா மில்லுக்கு வந்து பக்கத்துல நின்னு அரைச்சுக்கிட்டுப் போங்க. நாற்காலி போட்டிருக்கு.

கூலி கிலோவுக்கு அதே 3 வெள்ளிதான். பாக்கெட் கறித்தூள் அரைக் கிலோ மட்டும் ஜூலை 1-லிருந்து 10 வெள்ளி 20 காசு. வத்தல் விலையும் சம்பளமும் ஏறியிருக்கு, புது இடத்துச் செலவும் இருக்கு. மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லை.

பழைய இடத்துல கடைசியா அரைக்கிறது ஜூன் 6, சனிக்கிழமை. அன்னிக்குக் கூட்டமா இருக்கும், முடிஞ்சவங்க 3-ஆம் தேதி புதன்கிழமையே கொண்டு வந்துடுங்க. நடக்க முடியாத பெரியவங்க இருந்தா இந்த நம்பருக்கே ஒரு குரல் போடுங்க, பையனை அனுப்பி வீட்டுலயே டின்னை எடுத்துக்கச் சொல்றேன்.