வரும் திங்கட்கிழமை முதல் வீட்டுச் சாப்பாடு

அனைவருக்கும் வணக்கம். நான் பி பிளாக் 204-இல் இருக்கும் செல்வி. வரும் திங்கட்கிழமை முதல் நம் குடியிருப்புக்குள் மட்டும் மதியச் சாப்பாடு செய்து தரப்போகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை, முழுக்க சைவம். ஒரு நாளைக்கு 20 டப்பாதான். அதற்கு மேல் எடுத்தால் ருசியும் நேரமும் கைவிட்டுப் போய்விடும், அதனால் கூட்டுவதாக இல்லை.

முழுச் சாப்பாடு 110 ரூபாய். பொன்னிப் புழுங்கலரிசிச் சாதம், குழம்பு, ரசம், ஒரு பொரியல், ஒரு கூட்டு, தயிர், ஊறுகாய், அப்பளம். நன்றாகச் சாப்பிடும் ஒருவருக்குத் தாராளமாகப் போதும்.
சாதம் இல்லாமல், மற்றதெல்லாம் மட்டும்: 80 ரூபாய். சாதம் வீட்டிலேயே வடித்துக்கொள்பவர்களுக்கு இது வசதி.
காலை டப்பா, ஏதாவது ஒரு கலந்த சாதமும் பொரியலும்: 70 ரூபாய். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சின்ன டப்பா 50 ரூபாய்.
மாதம் முழுக்க எடுப்பவர்களுக்கு 22 முழுச் சாப்பாடு 2,200 ரூபாய். ஊருக்குப் போனால் முதல் நாள் சொல்லிவிடுங்கள், அந்த நாளைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் என்ன சமையல் என்று கேட்பீர்கள். திங்கள் முருங்கைக்காய் சாம்பார், பீன்ஸ் பொரியல். செவ்வாய் சுண்டைக்காய் வத்தக்குழம்பு, கீரைக் கூட்டு. புதன் பூசணிக்காய் மோர்க்குழம்பு, கொத்தவரங்காய் பருப்பு உசிலி. வியாழன் பூண்டுக் குழம்பு, வாழைக்காய் வறுவல். வெள்ளி அரைத்துவிட்ட சாம்பார், உருளைக்கிழங்கு ரோஸ்ட், கூடவே பாயசம். வெள்ளிக்கிழமை வெங்காயம், பூண்டு எதிலும் சேர்க்க மாட்டேன். மற்ற நாட்களிலும் சேர்க்காமல் வேண்டும் என்பவர்கள் முன்னாலேயே சொல்லுங்கள், பூண்டுக் குழம்பு நாள் தவிர மற்ற நாட்களில் தனியாக எடுத்துவைக்கிறேன்.

சாம்பார் பொடி, ரசப்பொடி இரண்டும் மாமியார் சொல்லித்தந்த அளவில் வீட்டில் வறுத்து, மில்லில் அரைத்தவை. வத்தக்குழம்புக்கு நல்லெண்ணெய்தான். குழம்பு கொதித்து எண்ணெய் மேலே பிரியும்வரை அடுப்பை விட்டு நகர மாட்டேன். பாதியில் இறக்கினால் புளியின் பச்சை வாசனை அப்படியே நிற்கும். கீரையை ஒவ்வொரு கட்டாகப் பிரித்து ஆய்ந்து, பாத்திரத்தின் அடியில் மண் தங்காமல் போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி அலசிய பிறகுதான் நறுக்குவேன். நிறத்துக்காகச் சோடா மாவோ, ருசிக்காக அஜினோமோட்டோவோ எங்கள் வீட்டில் வாங்குவதே இல்லை. எங்கள் பிள்ளைகளும் அதே சட்டியில் இருந்துதான் சாப்பிடப்போகிறார்கள்.

காலை டப்பாவில் தயிர் சாதம் வரும் நாளில் பாலை அதிகம் விட்டு, தயிரைக் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைவேன். மதியம் ஒரு மணிக்குத் திறந்தாலும் புளிப்பு ஏறியிருக்காது.

வயதானவர்கள் இருக்கும் வீடுகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, ஒருவருக்காகவோ இருவருக்காகவோ எதற்கு அடுப்பு மூட்டுவது என்று காலையில் மீந்த இட்லியோடு மதியத்தை முடித்துக்கொள்கிறவர்கள் நம் பிளாக்கிலேயே இருக்கிறார்கள். எனக்கு இந்த எண்ணம் வந்ததே அவர்களைப் பார்த்துத்தான். அவர்களுக்குச் சாதம் குழைய வேண்டுமா, காரம், உப்பு, எண்ணெய் குறைக்க வேண்டுமா, சொல்லுங்கள், அப்படியே செய்து தருகிறேன். இதற்குத் தனிக் காசு கிடையாது. லிப்ட் வேலை செய்யாத நாளிலும் அவர்கள் வீட்டு வாசலுக்கே சாப்பாடு வரும்.

மற்றபடி காலை டப்பாவை 7.30-இலிருந்து எங்கள் வீட்டில் வாங்கிக்கொள்ளலாம். மதியச் சாப்பாடு 12.15-இலிருந்து 1 மணிக்குள் உங்கள் கதவுக்கு வந்துவிடும். எல்லாமே எவர்சில்வர் கேரியரில்தான், சூடான ரசத்தைப் பிளாஸ்டிக் கவரில் கட்டித் தர எனக்கு மனசு வரவில்லை. கேரியருக்கு முன்பணம் 300 ரூபாய், நிறுத்தும்போது திருப்பித் தந்துவிடுவேன். கழுவிய கேரியரை மாலை 6 மணிக்குள் வாசலில் வைத்தால் எங்கள் பையன் வந்து எடுத்துக்கொள்வான்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து சான்றிதழ் வாங்கிவிட்டேன், கூடத்தில் மாட்டியிருக்கிறது. சமையலறையையும் எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள்.

முதல் நாள் இரவு 8 மணிக்குள் சொல்லிவிட வேண்டும். காய் வாங்குவதும் பருப்பு ஊறவைப்பதும் அந்தக் கணக்கை வைத்துத்தான். குரூப்பில் போடாமல் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்புங்கள்: வீட்டு எண், எந்தச் சாப்பாடு, எத்தனை. பணம் ஜிபேயிலோ கையிலோ தரலாம். சாப்பிட்டுப் பார்த்து உப்பு கூடினாலும் காரம் குறைந்தாலும் அன்றைக்கே சொல்லுங்கள், அடுத்த நாளே சரிசெய்துவிடலாம்.

திங்கட்கிழமைக்கு வேண்டுபவர்கள் ஞாயிறு இரவு 8 மணிக்குள் சொல்லுங்கள்.

செல்வி, பி-204