தோத்தாபுரி கொள்முதலில் விலைக் கூட்டு: இந்தியப் போட்டி ஆணைய உத்தரவின் சுருக்கம்

சித்தூர் மாவட்டத்தின் குடிபாலா, யாதமரி, பங்காருபாளையம் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கும், எல்லைக்கு இப்பால் பரதராமி, குடியாத்தம் பகுதி மண்டிக்காரர்களுக்கும் இந்தச் சுருக்கம். உத்தரவின் பொதுப் பிரதியில் வணிக ரகசியம் கருதிப் பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன. ஆகவே இங்கும் ஆலைகளுக்கு எண்தான்.

யார் மீது, எதற்கு

தகவல் கொடுத்தது உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று. எதிர்தரப்பில் ஆறு மாங்கூழ் ஆலைகள், அவற்றின் சங்கம், இரண்டு பொறுப்பாளர்கள். 2022, 2023, 2024 ஆகிய மூன்று பருவங்களிலும் தோத்தாபுரி மாங்காய்க்குக் கொள்முதல் விலையை ஆலைகள் பேசிவைத்து நிர்ணயித்தன என்பது குற்றச்சாட்டு. போட்டிச் சட்டம், 2002 பிரிவு 26(1)-இன் கீழ் விசாரணை நடந்து, அதை நடத்திய தலைமை இயக்குநரின் அறிக்கை 2024-25 நிதியாண்டில் ஆணையத்துக்கு வந்தது.

விலைக் கூட்டு என்றால் விற்பவர்கள் சேர்ந்து விலையை ஏற்றுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். பிரிவு 3(3)(அ) கொள்முதல் விலையையும் சேர்த்தே சொல்கிறது. வாங்குபவர்கள் கூடி விலையை இறக்கினாலும் அது கூட்டுதான். ஆலைகள் இதை மறுக்கவில்லை. தாங்கள் பேசிவைக்கவே இல்லை என்றுதான் வாதாடின.

சந்தை எது

பிரிவு 3(3)-இன் கீழ் வரும் கூட்டுக்குச் சந்தை வரையறை கட்டாயமில்லை என்று ஆணையம் முதலில் சொல்லிவிடுகிறது. கூட்டு நிரூபணமானால் போட்டிக்குப் பாதகம் என்று சட்டமே அனுமானிக்கிறது. அந்த அனுமானத்தை உடைப்பது எதிர்தரப்பின் பொறுப்பு. ஆனால் ஆலைகள் அதை உடைக்க முயன்றதே சந்தையைப் பெரிதாகக் காட்டித்தான். ‘மாங்காய் வாங்குபவர்கள் தென்னிந்தியா முழுக்க இருக்கிறார்கள், ஆறு ஆலையால் விலையை என்ன செய்ய முடியும்’ என்றார்கள். அதனால் ஆணையம் வரையறைக்குள் இறங்க வேண்டியதாயிற்று. உத்தரவில் நன்றாக எழுதப்பட்ட பகுதியும் இதுதான்.

முதலில் பொருள். வழக்கமாகக் கேட்கும் கேள்வி, வாங்குபவர் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றுக்கு மாறுவாரா என்பது. இங்கே ஆணையம் அதைத் திருப்பிப் போட்டது: விலை குறைந்தால் தோட்டக்காரர் வேறு யாரிடம், வேறு எதற்காக விற்க முடியும்? தோத்தாபுரி பெரும்பாலும் கூழுக்குப் போகிற ரகம். பழக்கடையில் பங்கனப்பள்ளிக்கு இருக்கும் கிராக்கி அதற்கு இல்லை. ஊறுகாய்க்கும் பச்சையாகத் தின்பதற்கும் போவது மொத்த விளைச்சலில் சிறு பகுதி. 2023-இல் வந்த திருத்தம் பிரிவு 2(t)-யில் வழங்குபவர் பக்க மாற்றையும் சேர்த்ததால், தோட்டக்காரர் வேறு ரகத்துக்கு எளிதில் மாறலாமா என்றும் பார்க்கப்பட்டது. நட்டு, ஒட்டுக்கட்டி, காய்ப்புக்குக் கொண்டுவர ஆண்டுகள் ஆகும். ஒரு பருவத்தின் விலையைப் பார்த்து மரத்தை வெட்டி வேறு ரகம் வைக்க எவராலும் ஆகாது. எனவே தொடர்புடைய பொருள் சந்தை ‘கூழுக்கான தோத்தாபுரிக் காய்க் கொள்முதல்’. அல்போன்சா, நீலம், பங்கனப்பள்ளி எல்லாம் வெளியே.

அடுத்து இடம். எடைச்சீட்டுகளையும் லாரி வாடகைச் சீட்டுகளையும் வைத்து, காய் எவ்வளவு தூரம் போகிறது என்று கணக்கெடுத்தார்கள். பறித்த காய் லாரியில் குவிந்து கிடந்தால் சூடேறி, அடிக்காய் நசுங்கும். ஆலை வாசலில் வரிசையில் இரண்டு நாள் நின்றால் கழிவு ஏறும். தூரம் கூடக்கூட வாடகையும் விலையைத் தின்றுவிடும். சித்தூர் எல்லையிலிருந்து கிருஷ்ணகிரி ஆலைகளுக்குக் காய் போனது, ஆனால் மிகக் கொஞ்சம். உள்ளூர் விலை கிலோவுக்கு ஒரு ரூபாய்க்கு மேல் சரிந்த நாட்களில் மட்டும். ஆகவே சித்தூர் மாவட்டமும் அதை ஒட்டிய குடியாத்தம் வட்டமும் சேர்ந்த பகுதியே புவியியல் சந்தை என்று முடிவானது. கிருஷ்ணகிரி அதற்கு வெளியே.

மாநில எல்லையைச் சந்தையின் எல்லையாக்க வேண்டும் என்று மூன்றாம் ஆலை கேட்டது. பிரிவு 19(6) சொல்லும் காரணிகளில் மொழியும் ஒன்று. தமிழ்நாட்டு மண்டிக்காரர்களும் ஆந்திரத் தோட்டக்காரர்களும் தனித்தனிச் சந்தை என்பது அதன் வாதம். இந்தப் பகுதியில் ஒரு நாள் வியாபாரம் பார்த்தவர் யாரும் வைக்க மாட்டாத வாதம். ஒரே தரகர் ஒரே லாரிக்குத் தமிழில் ஒரு விலையும் தெலுங்கில் அதே விலையும் பேசியதைத் தொலைபேசிப் பதிவுகள் காட்டின. ஆணையம் அதை நான்கே வரியில் தள்ளியது.

எவை சட்டவிரோதம்

மூன்று நடத்தைகள் நிரூபணம் என்கிறது உத்தரவு.

முதலாவது விலை. ஆலைகளின் கொள்முதல் மேலாளர்கள் இருந்த வாட்ஸ்அப் குழுவில், பருவம் திறந்ததும் இரவு ஒன்பது மணிக்கு மேல் மறுநாள் விலை வரும். 2023 ஜூன் மாதச் செய்தி ஒன்றை உத்தரவு அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறது: ‘காலை முதல் 7. யாரும் 7.25 தாண்ட வேண்டாம்.’ மறுநாள் காலை ஆறு ஆலைகளில் ஐந்தின் எடைச்சீட்டிலும் கிலோ 7 ரூபாய். ‘ஏற்றுமதி ஆர்டர் குறைந்தது, பழைய டிரம்கள் கிடங்கில் தேங்கின, அதனால் எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்கினோம்’ என்பது பதில். தேக்கம் விலை விழுந்ததற்குக் காரணமாகலாம். வெவ்வேறு இருப்பு, வெவ்வேறு கடன் சுமை உள்ள ஐந்து ஆலைகள் ஒரே காலையில் ஒரே தொகைக்கு வந்ததற்கு அது காரணமாகாது என்றது ஆணையம். விலை ஒத்திருப்பது மட்டும் கூட்டுக்குச் சான்றல்ல. செய்தியும், அதற்கு வந்த ‘சரி’ என்ற பதில்களும், மறுநாள் சீட்டும் சேர்ந்ததால்தான் சான்று.

இதோடு கழிவுப் பிடித்தமும் சேர்ந்தது. நூறு கிலோவுக்கு ஐந்து கிலோ என்று இருந்த கழிவு, 2023-இல் அந்த ஐந்து ஆலைகளிலும் ஒரே வாரத்தில் எட்டு கிலோ ஆனது. 10 டன் லாரிக்கு 7 ரூபாய் வீதம் பார்த்தால், கூடுதலாகப் போனது 300 கிலோ, 2,100 ரூபாய். விலையை நேரடியாகவோ மறைமுகமாகவோ நிர்ணயிப்பது என்று சட்டம் சொல்வதால், கழிவும் விலையின் பகுதியே.

இரண்டாவது, பகுதி பிரித்தது. காய் சேரும் எந்தெந்த ஊர் ரேம்பிலிருந்து எந்த ஆலை எடுக்கும் என்று சங்கக் கூட்டத்தில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அடுத்தவர் ரேம்பில் கூட விலை கொடுத்து எடுத்த இரண்டாம் ஆலைக்குச் சங்கம் எழுதிய விளக்கக் கடிதமே சான்றாயிற்று. இது பிரிவு 3(3)(இ).

மூன்றாவது, கிருஷ்ணகிரிக்குக் காய் அனுப்பிய மண்டிகளை ஒதுக்கியது. அந்த மண்டிச் சீட்டோடு வந்த லாரிகளுக்கு டோக்கன் தரவில்லை. வழங்கலைக் கட்டுப்படுத்தியதாக, பிரிவு 3(3)(ஆ).

தள்ளுபடியானவையும் உண்டு. டோக்கன் முறையே சட்டவிரோதம் என்ற வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை. அழுகும் பொருளுக்கு வரிசை முறை தேவை, அதைத் தண்டனையாகப் பயன்படுத்தியதுதான் தவறு. ஆறு ஆலைகளும் சேர்ந்து ஆதிக்க நிலையைத் துஷ்பிரயோகம் செய்தன என்ற பிரிவு 4 குற்றச்சாட்டும் நிற்கவில்லை. அந்தப் பிரிவு தனி நிறுவனத்தையோ ஒரே குழுமத்தையோதான் பிடிக்கும். தனித்தனி நிறுவனங்களின் கூட்டு ஆதிக்கத்துக்கு நம் சட்டத்தில் இடமில்லை.

அபராதம் எப்படி வந்தது

கூட்டுக்குச் சட்டத்தின் உச்சவரம்பு பெரிது: கூட்டு நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தின் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 விழுக்காடு, இதில் எது அதிகமோ அதுவரை. அதற்குள் தொகையை எப்படி எட்டுவது என்பதற்கு 2024 மார்ச்சில் வந்த அபராத வழிகாட்டுதல்கள் பின்பற்றப்பட்டன. அவற்றின்படி தொடர்புடைய விற்றுமுதலின், அதாவது கூட்டு தொட்ட பொருளின் விற்பனையின், சராசரியில் 30 விழுக்காடு வரை அடிப்படைத் தொகை வைக்கலாம்; பிறகு கூட்டலாம், குறைக்கலாம். கூட்டின் பெரும்பகுதி வழிகாட்டுதல்களுக்கு முந்தியது என்ற ஆட்சேபம் எடுபடவில்லை. தொடர்புடைய விற்றுமுதல் என்ற அளவுகோல் எக்செல் கிராப் கேர் வழக்கில் 2017-லேயே உச்ச நீதிமன்றம் வைத்தது.

எது தொடர்புடைய விற்றுமுதல் என்பதில்தான் உண்மையான சண்டை. தவறு கொள்முதலில் நடந்தது, எனவே காய்க்குக் கொடுத்த தொகையை மட்டும் எடுக்க வேண்டும் என்றன ஆலைகள். மலிவாக வாங்கிய காய் கூழாகித்தான் காசாகிறது, எனவே தோத்தாபுரிக் கூழ் விற்பனை முழுவதும் கணக்கில் வரும் என்றது ஆணையம். கொய்யாக் கூழ், தக்காளி விழுது, குளிர்பதனக் கிடங்கு வாடகை ஆகியவை விலக்கப்பட்டன. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுச் சராசரி எடுக்கப்பட்டது.

அடிப்படை 5 விழுக்காடு. ஒன்று, இரண்டு, ஐந்தாம் ஆலைகளுக்கு 38, 26, 31 கோடி சராசரியின் மீது முறையே 1.90, 1.30, 1.55 கோடி. குழுவை நடத்தியதோடு, தகவல் பதிவான பிறகும் 2024 பருவத்தில் நிறுத்தாத மூன்றாம் ஆலைக்கு 6 விழுக்காடு. 42 கோடிக்கு 2.52 கோடி. கடைசிப் பருவத்தில் மட்டும் சேர்ந்த ஆறாம் ஆலைக்கு 2 விழுக்காடு. 18 கோடிக்கு 36 லட்சம். நான்காம் ஆலை பிரிவு 46-இன் கீழ் முதல் ஆளாக உண்மையைச் சொல்லி வந்தது. முதல் விண்ணப்பதாரருக்கு முழு விலக்குகூடக் கிடைக்கலாம். ஆனால் அது வருமுன்பே தொலைபேசிப் பதிவுகள் விசாரணையின் கையில் இருந்தன, ஆகவே 1.20 கோடியில் 60 விழுக்காடுதான் தள்ளுபடி, கட்ட வேண்டியது 48 லட்சம். ஆறு ஆலைகளுக்கும் சேர்த்து 8.11 கோடி. சங்கத்துக்குச் சராசரி வருமானம் 9.20 லட்சத்தில் 10 விழுக்காடாக 92,000 ரூபாய். பொறுப்பாளர் இருவருக்கும் பிரிவு 48-இன் கீழ் தனி அபராதம்.

உத்தரவு பலவீனமாக இருப்பது லாபக் கணக்கில். நியாய விலை என்னவாக இருந்திருக்கும் என்று நம்பகமாகச் சொல்ல முடியாது என்று கூறி, மூன்று மடங்கு லாப வழியை ஆணையம் கைவிட்டது. ஆனால் கூட்டுக்கு முந்திய 2021 விலையும், அதே நாட்களின் கிருஷ்ணகிரி விலையும் கோப்பில் இருந்தன. கிருஷ்ணகிரி வேறு சந்தை என்று தீர்மானித்த பிறகு, கூட்டில்லாத ஒப்பீட்டு விலைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எது? மேல்முறையீட்டில் ஆலைகள் தொடப் போவது விற்றுமுதலை. தகவல் கொடுத்தவர் தொட வேண்டியது இதை.

இனி என்ன

அபராதம் கட்ட 60 நாள். தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகவும் 60 நாள். மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள அபராதத்தில் 25 விழுக்காடு கட்ட வேண்டும். அபராதத் தொகை அரசுக்குப் போகும், தோட்டக்காரருக்கு வராது. இழப்பீடு வேண்டுமானால் பிரிவு 53N-இன் கீழ் அதே தீர்ப்பாயத்தில் தனியாக மனுச் செய்ய வேண்டும். அதில் இழப்பைக் காட்டும் பொறுப்பு மனுதாரருடையது. மூன்று பருவத்து எடைச்சீட்டு, கழிவு எழுதிய ரேம்ப் ரசீது, பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம் ஆகிய மூன்றும் ஒரே லாரி எண்ணில் பொருந்த வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிய சீட்டுகளில் ஆலையின் பெயர் இருக்காது. அவற்றோடு டோக்கனையோ தரகரின் செய்தியையோ சேர்த்து வைத்தால்தான் பயன்படும்.