மணி 7:29, கிளம்புங்கள்: 7:45 பஸ், 8:24 ரயில் பிடிப்பவர்களுக்கு

(திங்கள் முதல் வெள்ளி வரை ஒலிக்கும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களுக்குப் பஸ் நேரம் வேறு, இது பொருந்தாது.)

7:14: முதல் மணி
இன்னும் 15 நிமிடம். பாஸ், அடையாள அட்டை, சாவி மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். 7:29-க்குத் தேடத் தொடங்கும் சாவி 7:36-க்குத்தான் அகப்படும். ஜன்னலுக்கு வெளியே மழை என்றால் உங்களுக்கு இதுதான் கிளம்பும் மணி. 7:30 பஸ்ஸைப் பிடியுங்கள்.

7:29: கிளம்புங்கள்
செருப்பு, பூட்டு, லிஃப்ட். இதற்கு 4 நிமிடம். கையில் இருக்கும் போனைப் பைக்குள் போடுங்கள், பதில் பஸ்ஸில் எழுதலாம்.

7:33: கேட்டைத் தாண்டியிருக்க வேண்டும்
நிதானமாக நடந்தால் நிறுத்தம் 8 நிமிடம். 7:36 வரை கேட்டிலேயே இருந்தாலும் எட்டி நடந்தால் 6 நிமிடத்தில் போய்விடலாம். அதற்கு மேல் இழுத்தால் அதிர்ஷ்டம்தான்.

7:37: இன்னும் வீட்டில் இருந்தால்
ஓட வேண்டாம். நிறுத்தத்தில் வழக்கமான முகங்கள் நின்றால் பஸ் வரவில்லை; காலியாக இருந்தால் போய்விட்டது. அடுத்தது 8:00, அதில் 8:24 கிடைக்காது. 8:41 ரயில்தான், 17 நிமிடம் தாமதம் என்று அலுவலகத்துக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். 8:24 ரயிலை விடவே முடியாத நாள் என்றால் 7:55-க்குள் வாடகை வண்டியில் ஏறியிருக்க வேண்டும்.

7:29 எப்படி வந்தது
ரயிலிலிருந்து பின்னோக்கி எண்ணியது. 8:24-க்கு வண்டி நகரும், கதவு அதற்கு முன்பே மூடும். ஆகவே 8:20-க்கு நடைமேடையில் நிற்க வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கி, சாலையைக் கடந்து, நடைமேம்பாலப் படியேற 5 நிமிடம். அதனால் 8:15-க்கு இறங்கியாக வேண்டும். பஸ் பயணம் வழக்கமாக 22 நிமிடம்தான். ஆனால் கணக்கில் 27 போட்டிருக்கிறோம், ஏனெனில் சராசரியை நம்பினால் இரண்டு நாளைக்கு ஒருமுறை தவறும். அப்படியானால் பஸ் நம் நிறுத்தத்தை 7:48-க்குள் விட வேண்டும்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பஸ் 7:45 என்று அட்டவணையில் இருந்தாலும் அது வருவது 7:42-க்கும் 7:49-க்கும் இடையில். தாமதமாக, 7:49-க்கே வந்தாலும் நடைமேடை 8:21, ரயில் கிடைத்துவிடும். 3 நிமிடம் முன்னால் வந்துவிட்டால் முழுக் காலையும் போச்சு. ஆகவே கணக்கு 7:45-இலிருந்து தொடங்கவில்லை, 7:41-இலிருந்து தொடங்குகிறது. நடை 8, வாசல் 4 கழித்தால் 7:29.

கடிகாரத்தை 5 நிமிடம் முன்னால் வைக்கும் பழக்கம் இருந்தால் இதோடு சேர்க்காதீர்கள். மூன்றாம் நாளே மனசு அந்த ஐந்தைக் கழித்துவிடும், பிறகு எது உண்மையான நேரம் என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

மழைநாள்
பஸ் 34 நிமிடம் எடுக்கும், படியில் குடை மடக்கும் கூட்டத்தால் 5 என்பது 6 ஆகும். 7:45 பஸ் 7:49-க்கு வந்தால் நடைமேடை 8:29, ரயில் போயிருக்கும். 7:30 பஸ் 7:34-க்கு வந்தால்கூட 8:14-க்கு நடைமேடையில் நிற்கலாம். இரவிலேயே மழை என்றால் 7:14 மணியின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் படுங்கள்.

மாலை
5:58-க்கு எழுந்திருங்கள், 6:12 ரயில். லிஃப்ட் 4, நடை 6, நடைமேடையில் 4. இறங்கிய பின் 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது, அதற்கு இடைவெளி எதுவும் வைக்கவில்லை.

போனில் வைக்கும்போது
காலண்டர் அறிவிப்பாக வைக்காதீர்கள், அலாரமாக வையுங்கள். பேட்டரி சேமிப்பில் இருக்கும் போன் அறிவிப்பைத் தாமதமாகக் காட்டக்கூடும். 7:35-க்கு வரும் 7:29 மணியால் பயனில்லை. அலாரத்தின் பெயரில் "8:24 ரயில்" என்று எழுதாமல் "செருப்பைப் போடு" என்று எழுதுங்கள். ரயில் நேரத்தைப் பார்த்தால் இன்னும் 55 நிமிடம் இருக்கிறதே என்று கை காபிக்குப் போகும்.

பஸ் 7:42-க்கு முன்னால் போனதை ஒரே வாரத்தில் இரண்டு முறை பார்த்தால் நான்கு மணிகளையும் 2 நிமிடம் முன்னால் தள்ளி, மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.